‘முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன’ – சரி, என்ன முடிவு?

போன தீபாவளி லீவுல எங்க மாமா என் ப்ராஜெக்ட் பேப்பரோட முதல் பக்கத்தைப் படிச்சார். மாமா பாலிடெக்னிக்ல சிவில் டிப்ளமா முடிச்சவர், ஊர்ல சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுக்கிறவர். படிச்சு முடிச்சதும் முகமெல்லாம் சிரிப்பு.

"சூப்பர்டா மாப்ள. ஃப்ளை ஆஷ் போட்டா கான்கிரீட் ஸ்ட்ரெங்த் கூடுதுன்னு நீங்களே டெஸ்ட் பண்ணிட்டீங்க. அடுத்த வாரம் ஒரு ஸ்லாப் போடுறேன், பன்னெண்டு அடி ரூம்தான். சிமென்ட்ல முப்பது சதவீதத்தைக் குறைச்சு ஃப்ளை ஆஷ் போட்டுட்டு, ஏழாம் நாள் முட்டு எடுத்துடலாம்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா எங்க டேபிள்ல இருக்கிறது நேர் எதிரான விஷயம். 30 சதவீதம் ஃப்ளை ஆஷ் போட்ட கலவை ஏழாம் நாள்ல சாதாரண கான்கிரீட்டைவிட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வலிமை குறைவு. அந்த நாள்ல முட்டு எடுக்கிறதுதான் இருக்கிறதிலேயே ஆபத்தான வேலை. மாமா தப்பாப் படிக்கல. நாங்க எழுதினது அப்படித்தான் இருந்தது.

அந்த அப்ஸ்ட்ராக்ட் இதுதான். இங்கிலீஷ்ல எழுதினதை அப்படியே தமிழ்ல தர்றேன்:

"உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் கட்டுமானப் பொருள் கான்கிரீட் ஆகும். சிமென்ட் உற்பத்தியால் ஏற்படும் மாசின் காரணமாக மாற்றுப் பொருட்களின் தேவை நாளுக்கு நாள் அதிகரித்து வருகிறது. இந்த ஆய்வில் ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட்டின் பண்புகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பல்வேறு விகிதங்களில் கலவைகள் தயாரிக்கப்பட்டு, பல்வேறு நாட்களில் சோதனைகள் மேற்கொள்ளப்பட்டன. ஃப்ளை ஆஷ் சேர்ப்பதால் கான்கிரீட்டின் வலிமை மேம்படுவதாக முடிவுகள் காட்டுகின்றன. கிடைத்த முடிவுகள் விவாதிக்கப்பட்டு, பயனுள்ள பரிந்துரைகள் வழங்கப்பட்டுள்ளன."

படிச்சா எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? இருக்கும். நம்ம டிபார்ட்மென்ட் லைப்ரரில இருக்கிற பழைய ரிப்போர்ட்ல பாதி இதே ஆறு வரிதான். ஃப்ளை ஆஷை எடுத்துட்டு தேங்காய் நார், கண்ணாடித் தூள், உமிச் சாம்பல் எதைப் போட்டாலும் ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். என் கருத்து இதுதான்: எந்தப் பொருளைப் போட்டாலும் பொருந்துற அப்ஸ்ட்ராக்ட், எந்தப் பொருளைப் பத்தியும் எதுவும் சொல்லல. இதுக்கு நம்ம இங்கிலீஷைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. இங்கிலீஷ் மீடியத்துல பதினாலு வருஷம் படிச்ச நான் எழுதினதுதான் மேல இருக்கிறது. கிராமர்ல ஒரு தப்பும் கிடையாது.

நம்மில் பலர் அப்ஸ்ட்ராக்டை ஒரு முன்னுரைன்னு நினைக்கிறோம். உள்ளே வாங்க, விஷயம் அப்புறம் சொல்றோம்னு வாசல்ல நின்னு வரவேற்கிற மாதிரி எழுதுறோம். ஆனா பெரும்பாலான பேர் உள்ளே வர்றதே இல்ல. பல ஜர்னல்கள்ல முழுப் பேப்பரைப் படிக்கக் காசு கட்டணும், அப்ஸ்ட்ராக்ட் மட்டும்தான் இலவசம். நாமளே லிட்ரேச்சர் சர்வே பண்ணும்போது எத்தனை பேப்பரை முழுசாப் படிச்சோம்? அப்ஸ்ட்ராக்டைப் படிச்சோம், ஒரு வரி எழுதினோம், அடுத்ததுக்குப் போனோம். அதனால அந்த ஒரு பத்தியைப் படிச்சுட்டு ஒருத்தர் போய்ட்டாலும், நாங்க எதுக்குப் பண்ணோம், எப்படிப் பண்ணோம், என்ன கிடைச்சதுன்னு மூணும் அவர் கையில இருக்கணும்.

மாமாகிட்ட பேசின அன்னிக்கு ராத்திரியே அதைத் திருப்பி எழுத உட்கார்ந்தேன். மூணு நாள் ஆச்சு. அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல நோக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன், வரல. "ஆராய்வதே நோக்கம்"னுதான் திரும்பத் திரும்ப வந்தது. எங்க கைடு மேடம் ஒரு யோசனை சொன்னாங்க: "முடிவை முதல்ல எழுதுப்பா. உங்க மாமா கேட்டார்ல, அவருக்குப் பதில் சொல்ற மாதிரி ஒரே வரியில எழுது. அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்." அப்போ நான் எழுதின வரி: "மாமா, 30 சதவீதம் போட்டா கடைசியில ஸ்ட்ரெங்த் வந்துடும், ஆனா மூணு மாசம் ஆகும், முதல் வாரத்துல ரொம்பக் கம்மியா இருக்கும்." ஒரு வருஷ ப்ராஜெக்ட் அந்த வரியில இருந்தது. அப்ஸ்ட்ராக்ட்ல அதுல ஒரு வார்த்தைகூட இல்ல.

அடுத்தது அந்த வரிக்கு எண் கொடுக்கிறது. எங்க டேபிள்ல இருந்தது இவ்வளவுதான். ஃப்ளை ஆஷ் இல்லாத கலவை 7 நாள்ல சதுர மில்லிமீட்டருக்கு 22.1 நியூட்டன், 28 நாள்ல 32.4, 90 நாள்ல 37.0. ஃப்ளை ஆஷ் 30 சதவீதம் போட்ட கலவை அதே நாட்கள்ல 15.2, 27.6, 36.4. அதாவது ஏழாம் நாள்ல 31 சதவீதம் குறைவு, 28ஆம் நாள்ல 15 சதவீதம் குறைவு, 90ஆம் நாள்ல வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்ள.

இதுக்குக் காரணமும் நேரடியானது. சிமென்ட் தண்ணியோட சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகுது. ஃப்ளை ஆஷ் அந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடோடதான் வினை புரியணும். முதல்ல சிமென்ட் தன் வேலையைச் செய்யணும், அப்புறம்தான் இது மெதுவா ஆரம்பிக்கும். அதனால ஆரம்பத்துல பின்தங்கி, தொடர்ந்து ஈரம் கிடைச்சா பின்னாடி எட்டிப் பிடிக்கும். நாள் எண்ணைச் சொல்லாம இந்தக் கான்கிரீட்டோட வலிமையைப் பத்திப் பேசவே முடியாது. எங்க பழைய அப்ஸ்ட்ராக்ட்ல "பல்வேறு நாட்களில்"னு மூடி வச்சது அந்த நாள் எண்ணைத்தான்.

அப்போ "வலிமை மேம்படுகிறது"ங்கிற வரி எங்கிருந்து வந்தது? இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமா இருக்கு. எங்க 20 சதவீதக் கலவை 90ஆம் நாள்ல 38.1 காட்டியது. 37.0ஐவிட 3 சதவீதம் அதிகம். நாலு கலவை, மூணு வயதுன்னு எங்ககிட்ட இருந்த மொத்தக் கட்டங்கள்ல இருந்து இந்த ஒரே கட்டத்தை எடுத்து, அதையே மொத்த முடிவா எழுதிட்டோம். பொய் எண் எதுவும் போடல. ஆனா பொருத்தமில்லாத எண்ணை முன்னாடி நிறுத்திட்டோம்.

அந்த 3 சதவீதமாவது நிஜமான்னு மூலத் தாளை எடுத்துப் பார்த்தேன். 20 சதவீதக் கலவையில உடைச்ச மூணு க்யூப்: 35.6, 38.0, 40.7. ஃப்ளை ஆஷ் இல்லாத கலவையில மூணு: 35.4, 36.8, 38.8. ரெண்டு வரிசையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு கிடக்கு. ஒரே கலவையில வார்த்த மூணு க்யூபுக்குள்ளயே 5 நியூட்டன் வித்தியாசம் இருக்கும்போது, சராசரியில இருக்கிற 1.1 வித்தியாசத்தை வச்சு "கூடியது"ன்னு சொல்ல முடியாது. மூணு க்யூப் அவ்வளவு நுணுக்கமா அளக்காது. அதே காரணத்தால 90ஆம் நாள்ல 36.4 கிடைச்ச 30 சதவீதக் கலவை "2 சதவீதம் குறைவு"ன்னும் அடிச்சுச் சொல்லக் கூடாது. "எங்க சோதனையில வித்தியாசம் தெரியல"ன்னுதான் சொல்லணும். இங்கேதான் நம்ம ஆளுங்க "சிக்னிஃபிகன்ட்லி"ன்னு ஒரு வார்த்தையைத் தூவுவாங்க. புள்ளியியல்ல அந்த வார்த்தைக்குத் தனி அர்த்தம் இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பார்க்காம "ரொம்ப"ங்கிற அர்த்தத்துல அதைப் போட்டா, படிக்கிறவர் நாம செய்யாத ஒரு கணக்கைச் செஞ்சதா நினைச்சுக்குவார்.

முடிவு கையில வந்ததும் நோக்கம் தானா வந்தது. பழைய நோக்கம் "பண்புகளை ஆராய்வது". அது ஒரு தலைப்பு, அதுக்குப் பதில் சொல்ல முடியாது. நாங்க உண்மையில கேட்ட கேள்வி: ஃப்ளை ஆஷ் போட்ட கான்கிரீட் எந்த வயதுல சாதாரண கான்கிரீட்டை எட்டும்? இதுக்குப் பதில் உண்டு. நோக்கத்தையும் முடிவையும் பக்கத்துல பக்கத்துல வச்சா கேள்வி பதில் மாதிரி பொருந்தணும். பொருந்தலைன்னா ரெண்டுல ஒண்ணு தப்பு, பெரும்பாலும் நோக்கம்தான்.

வழிமுறைதான் நான் எதிர்பார்க்காத இடத்துல கஷ்டப்படுத்தியது. இடம் கம்மி. எங்க கான்ஃபரன்ஸ்ல 250 வார்த்தைதான் அனுமதி, ஐ.இ.இ.இ. ஜர்னல்களும் 150ல இருந்து 250 வரைதான் கேட்கிறாங்க. சல்லடைச் சோதனை, ஸ்லம்ப், ஜல்லி அளவு, மிக்ஸர் எல்லாத்தையும் எழுத முடியாது. அப்போ எதை வைக்கிறது, எதை விடுறது? நான் வச்சுக்கிட்ட விதி இது: எந்த விவரம் மாறினா படிக்கிறவர் முடிவை வேற மாதிரி புரிஞ்சுக்குவாரோ, அது மட்டும் உள்ளே.

இந்த விதியால மாட்டினது சிமென்ட் வகை. பழைய அப்ஸ்ட்ராக்ட்ல வெறும் "சிமென்ட்". நாங்க பயன்படுத்தினது 53 கிரேடு ஓ.பி.சி. மாமா கடையில வாங்குறது பெரும்பாலும் பி.பி.சி. மூட்டை. அந்த மூட்டைக்குள்ளேயே ஏற்கெனவே ஃப்ளை ஆஷ் அரைச்சுச் சேர்த்திருக்கு, தர நிர்ணயப்படி 15ல இருந்து 35 சதவீதம் வரை. அதுல இன்னும் 30 சதவீதத்தைக் குறைச்சுட்டு ஃப்ளை ஆஷ் போட்டா, எங்க டேபிள்ல இருக்கிற எந்தக் கலவையும் அது கிடையாது. நாங்க விட்ட மூணு எழுத்து, அவர் போடப் போற ஸ்லாபையே மாத்தியிருக்கும். அதனால ஓ.பி.சி. உள்ளே வந்தது. தண்ணியில ஊறவச்ச க்யூரிங்கும் உள்ளே வந்தது, ஏன்னா ஃப்ளை ஆஷுக்கு நீண்ட நாள் ஈரம் வேணும், சைட்ல ஏழு நாள் சாக்கு போட்டு நனைக்கிற இடத்துல இந்த 90 நாள் எண்ணை எதிர்பார்க்க முடியாது. எத்தனை க்யூப் உடைச்சோம்ங்கிறதும் வந்தது. ஸ்லம்பும் மிக்ஸரும் வெளியே போச்சு.

முதல் ரெண்டு வரி, அதாவது கான்கிரீட் உலகப் புகழ் பெற்றதுங்கிற கதை, முழுசா வெளியே போச்சு. அதைப் படிக்கிற யாருக்கும் அது தெரியாத விஷயம் இல்ல.

கடைசியில வந்தது இது:

"சிமென்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஃப்ளை ஆஷ் சேர்த்த எம் 25 கான்கிரீட், எந்த வயதில் சாதாரண கான்கிரீட்டின் வலிமையை எட்டுகிறது என்று அறிவதே இந்த ஆய்வின் நோக்கம். 53 கிரேடு ஓ.பி.சி. சிமென்டின் எடையில் 0, 10, 20, 30 சதவீதத்தை ஃப்ளை ஆஷால் மாற்றினோம். தண்ணீர்–பைண்டர் விகிதம் எல்லாக் கலவையிலும் 0.45. தண்ணீரில் க்யூரிங் செய்த 150 மில்லிமீட்டர் க்யூப்களை 7, 28, 90 நாட்களில், ஒவ்வொரு கலவைக்கும் வயதுக்கும் மூன்று வீதம் உடைத்தோம். 30 சதவீதக் கலவையின் சராசரி வலிமை, ஃப்ளை ஆஷ் இல்லாத கலவையைவிட 7 நாளில் 31 சதவீதமும் 28 நாளில் 15 சதவீதமும் குறைவு. 90 நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எந்தக் கலவையிலும் க்யூப்களின் சிதறலை மீறிய வலிமைக் கூடுதல் இல்லை. ஆகவே 30 சதவீதக் கலவைக்கு முட்டு எடுக்கும் நாளை, சாதாரண சிமென்டுக்கான கால அளவைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. ஒரே இடத்து ஃப்ளை ஆஷ், ஆய்வகக் க்யூரிங் ஆகிய நிலைகளில் மட்டுமே இந்த முடிவு சோதிக்கப்பட்டது."

அழகா இருக்கா? இல்ல. ஆனா மாமா இதைப் படிச்சிருந்தா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். ஐ.எஸ். 456ல 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு 7 நாள்ல முட்டு எடுக்கலாம்னு இருக்கிறது சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கு. வேற சிமென்டுன்னா அந்தக் காலத்தை மாத்திக்கணும்னும் அங்கேயே சொல்லியிருக்கு.

இதை என் டீம்ல காட்டினதும் சண்டை. "எந்தக் கலவையிலும் கூடுதல் இல்லைன்னு நாமளே எழுதினா எவன் அக்செப்ட் பண்ணுவான்?"னு ஒருத்தன் கேட்டான். நியாயமான பயம்தான், பிளேஸ்மென்ட் நேரத்துல ஒரு பப்ளிகேஷன்னா சும்மாவா? என் பதில் ரெண்டு. ஒண்ணு, ரிவியூவர் டேபிளைப் பார்ப்பார். அப்ஸ்ட்ராக்ட் ஒண்ணு சொல்ல, டேபிள் வேற சொன்னா, மொத்தப் பேப்பர் மேலயும் சந்தேகம் வரும். ரெண்டு, எங்க முடிவு தோல்வி இல்ல. 30 சதவீதம் சிமென்டைக் குறைச்சும் 90 நாள்ல அதே வலிமை வருதுங்கிறது பயனுள்ள விஷயம்தான். எந்த வேலைக்குப் பயன்படும், எதுக்குப் பயன்படாதுன்னு நாள் எண் சொல்லிடுது. முதல் வாரமே சுமை தாங்க வேண்டியதில்லாத இடத்துல தாராளமா யோசிக்கலாம்.

இது நம்ம காலேஜ் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. மருத்துவத் துறையில இந்தப் பிரச்சனையை ரொம்ப முன்னாடியே பேச ஆரம்பிச்சாங்க. ‘அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழ்ல 1987ல ஒரு குழு, அப்ஸ்ட்ராக்டை நோக்கம், வழிமுறை, முடிவுன்னு தனித்தனித் தலைப்பு போட்டு எழுதணும்னு முன்வச்சாங்க. டாக்டர்களுக்கு முழுசாப் படிக்க நேரம் இல்ல, தப்பாப் புரிஞ்சா பாதிக்கப்படறது நோயாளி. அப்படியும் எல்லாம் சரியாகிடல. ‘ஜாமா’ இதழ்ல 1999ல வந்த ஒரு ஆய்வு, ஆறு மருத்துவ இதழ்களோட அப்ஸ்ட்ராக்ட்களை உள்ளே இருக்கிற எண்களோட ஒப்பிட்டுப் பார்த்தது. பேப்பர்ல இருக்கிறதோட பொருந்தாத, இல்ல பேப்பர்லயே இல்லாத தகவல் உள்ள அப்ஸ்ட்ராக்ட்கள் இதழுக்கு இதழ் 18ல இருந்து 68 சதவீதம் வரை இருந்தது. தலைப்பு போடறது ஒழுங்கைக் கொடுக்கும், உண்மையை நாமதான் கொடுக்கணும்.

அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை செஞ்சோம். அப்ஸ்ட்ராக்ட்ல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால வட்டம் போட்டு, அது எந்த டேபிள்ல எந்த வரிசையில இருக்குன்னு பக்கத்துல எழுதினோம். அதுலயே ஒரு தப்பு சிக்கியது: ஒரு இடத்துல 28 நாள் சதவீதத்தை மறந்துபோய்ப் பழைய ட்ரையல் மிக்ஸ்ல இருந்து எடுத்திருந்தோம். அப்புறம் ஈ.சி.இ. படிக்கிற ரூம்மேட்கிட்ட அப்ஸ்ட்ராக்டை மட்டும் கொடுத்து, ஒரு தடவை படிக்கவிட்டு வாங்கி வச்சுக்கிட்டு மூணே கேள்வி கேட்டோம்: நாங்க என்ன தெரிஞ்சுக்க நினைச்சோம், என்ன செஞ்சோம், என்ன கிடைச்சது? பழசைப் படிச்சப்போ மூணாவதுக்கு அவன் சொன்ன பதில் "ஃப்ளை ஆஷ் நல்லது". புதுசுக்குச் சொன்ன பதில்: "மொதல்ல வீக்கா இருக்கும், மூணு மாசத்துல சமமாகிடும்." அவனுக்கு க்யூபும் தெரியாது, க்யூரிங்கும் தெரியாது. அது போதும்னு அனுப்பிட்டோம்.

மாமா அந்த ஸ்லாபை வழக்கமான கலவையிலேயே போட்டார். அடுத்த லீவுல புது அப்ஸ்ட்ராக்டைக் காட்டினேன். படிச்சுட்டு, "இப்படி முதல்லயே எழுதியிருக்கலாமேடா"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.